104-ஆம் அறை பற்றிய உங்கள் புகாருக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு, வணக்கம்.

கடல் பார்க்கும் அறை என்று பணம் வாங்கிவிட்டுக் கடல் தெரியாத 104-ஐக் கொடுத்தோம் என்று நீங்கள் எழுதிய கடிதத்தையும் ஜன்னலில் இருந்து எடுத்த மூன்று படங்களையும் பார்த்தேன். 104-க்குப் போய் நானே நின்று பார்த்தேன். எதிரே வேன் நிறுத்தும் காலி மனைதான் தெரிகிறது. பால்கனிக் கம்பியைப் பிடித்து இடப்பக்கம் எட்டிப் பார்த்தால் கடல் ஒரு கீற்றாகத் தெரியும். அதைக் கடல் பார்க்கும் அறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் சொன்னது முழுக்க நியாயம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் நீங்கள் பார்த்த படம் மூன்றாம் மாடியில் எடுத்தது. அந்த மாடியில் கிழக்குப் பார்த்த நான்கு அறைகளுக்கு மட்டுமே கடல் நேராகத் தெரியும். அந்தப் படத்தை முதல் மாடி அறைகளுக்கும் போட்டிருந்தார்கள். நேற்றே அதை நீக்கச் சொல்லிவிட்டேன். இனி அந்தந்த அறைக்கு அதன் ஜன்னலில் எடுத்த படம்தான் இருக்கும். 104-இன் பெயரும் ‘தெருப் பக்க அறை’ என்று மாறிவிட்டது.

உங்களோடு வந்த பெரியவரைப் பற்றி எழுதியதுதான் மனதைத் தைத்தது. கடற்கரை மணலில் நடக்க முடியாதவர், கட்டிலில் இருந்தபடியே சூரியோதயம் பார்க்கட்டும் என்றுதானே கூடுதலாகப் பணம் கட்டினீர்கள்? அவரை வைத்துக்கொண்டு “மொட்டைமாடிக்குப் போனா தெரியும்லா” என்று வரவேற்பில் சொன்னது மிகவும் தவறு. அந்தத் தம்பியிடம் பேசிவிட்டேன். விடியற்காலை வேன்கள் ஹாரன் அடித்ததில் பெரியவர் தூக்கமும் கெட்டது என்று எழுதியிருந்தீர்கள். அந்த மனை எங்களுடையது இல்லை, வண்டிகளை வர வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் வயதானவர்கள் வந்தால் அந்தப் பக்கத்து அறை தருவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம்.

இனி பணம். முதல் இரவுக்குக் கடல் பார்க்கும் அறை வாடகை 3,400 ரூபாய், சாதாரண அறைக்கு 2,200, வித்தியாசம் 1,200. இரண்டாம் நாள் காலையிலேயே கடல் நேராகத் தெரியும் 303 காலியாகியும் உங்களை மாற்றவில்லை என்பதால், அன்றைய வாடகை 3,400-ஐ முழுதாகத் திருப்புகிறோம். மொத்தம் 4,600, ஜிஎஸ்டி 230 சேர்த்து 4,830 ரூபாய். நீங்கள் கட்டிய அதே யுபிஐ கணக்குக்கு இன்று காலை அனுப்பியாயிற்று. வந்து சேராவிட்டால் என்னை நேரடியாகக் கூப்பிடுங்கள்.

இரண்டு இரவு வாடகையையும் கேட்டிருந்தீர்கள். முதல் இரவு அறையும் சாப்பாடும் நன்றாக இருந்ததாக நீங்களே எழுதியிருப்பதால், அதற்கு வித்தியாசத் தொகை மட்டும்தான் தர முடிகிறது.

மறுபடி திருச்செந்தூர் வர மனமிருந்தால், ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம், மழை மேகம் கிழக்கை மூடிவிடும். தை, மாசி நல்லது. ஆறரை மணி வாக்கில் சூரியன் எழும். தைப்பூசம், மாசித் திருவிழா நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள், கூட்டத்தில் பெரியவர் சிரமப்படுவார். தேதியைச் சொன்னால் 303-ஐ சாதாரண அறை வாடகைக்கே ஒதுக்கி வைக்கிறேன். லிஃப்ட் அந்த மாடி வரை போகும், கட்டிலையும் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
விடுதி மேலாளர்,
திருச்செந்தூர்