வீட்டிலிருந்து பணிபுரியும் ஊழியருக்கான இடர் மதிப்பீடு

பணி: காப்பீட்டு இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்த்தல்
வேலை முறை: வாரத்தில் 4 நாள் வீட்டில், 1 நாள் அலுவலகத்தில்
பணியிடம்: ஊழியர் தனியாக வசிக்கும் வாடகை வீடு, முதல் மாடி, கூடத்தின் ஒரு மூலை
மதிப்பிட்டவர்: நிறுவனப் பாதுகாப்பு அலுவலர்
மதிப்பிட்ட முறை: ஊழியர் நிரப்பிய கேள்வித்தாள், அவர் அனுப்பிய 9 புகைப்படங்கள், 50 நிமிட வீடியோ அழைப்பு. பிரிவு மேலாளர் முதல் அரை மணி நேரம் மட்டும் அழைப்பில் இருந்தார்.

ஒவ்வோர் இடருக்கும் நிகழும் வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை, பாதிப்பின் கடுமைக்கு 1 முதல் 5 வரை கொடுத்து இரண்டையும் பெருக்கியிருக்கிறேன். 15-க்கு மேல் அல்லது 15 வந்தால் உடனே சரிசெய்ய வேண்டும். 8 முதல் 14 வரை என்றால் இரண்டு வாரம். எந்த வேலையை முதலில் எடுப்பது என்று முடிவு செய்யத்தான் இந்த எண்கள்.

1. மின்சாரம் (3 × 5 = 15)

மேசைக்கு அடியில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் செருகிய இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். லேப்டாப், மோடம், லேசர் பிரிண்டர், மின்சாரக் கெட்டில் நான்கும் இதிலிருந்துதான் ஓடுகின்றன. முதல் பாக்ஸில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது. 230 வோல்ட்டில் அது 2300 வாட். கெட்டில் மட்டுமே 2000 வாட். பிரிண்டர் சூடேறும்போது சில நூறு வாட் கூடுதலாக இழுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் எல்லையைத் தாண்டிவிடும். பிளக் அவ்வப்போது சூடாக இருப்பதாக ஊழியரே சொன்னார். அழைப்பிலேயே கெட்டிலைக் கழற்றிச் சுவர் பிளக் ஒன்றில் தனியாகச் செருகச் சொன்னேன், செய்துவிட்டார். இரண்டாவது பாக்ஸும் அப்போதே நீக்கப்பட்டது.

பிரிண்டரின் மூன்று முனைப் பிளக், எர்த் இல்லாத இரண்டு முனை மாற்றியின் வழியாகச் செருகப்பட்டிருந்தது. அப்படிச் செருகினால் பிரிண்டரின் எர்த் இணைப்பே போய்விடும். புதிய பாக்ஸ் வரும் வரை பிரிண்டரைப் பயன்படுத்த வேண்டாம். அச்சு தேவைப்படுவதை அலுவலக நாளில் எடுத்துக்கொள்ளலாம்.

நிறுவனம் தரும் லேப்டாப், சார்ஜர், பிரிண்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகியவற்றைச் சோதிப்பது நிறுவனத்தின் வேலை. வீட்டின் நிரந்தர வயரிங் வீட்டு உரிமையாளருடையது. ஆனால் அதைச் சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அந்த வீட்டில் இருக்கிறதா என்று ஊழியருக்குத் தெரியவில்லை. நிறுவனச் செலவில் எலக்ட்ரீஷியன் ஒருவர் ஒரு வாரத்துக்குள் போய்ப் பார்ப்பார். வயரிங் மோசம் என்று தெரிந்தால், அது சரியாகும் வரை ஊழியருக்கு அலுவலகத்தில் இடம் தர வேண்டும்.

லேப்டாப்பைப் படுக்கை மேல் வைத்து இரவு முழுக்க சார்ஜ் போடும் பழக்கம் இருக்கிறது. இனி மேசை மேல்தான். பேட்டரி உப்பினாலோ அதிகம் சூடானாலோ பயன்பாட்டை நிறுத்திவிட்டு உடனே தெரிவிக்க வேண்டும்.

2. உட்காரும் முறை, கண், கை (4 × 3 = 12)

உணவு மேசையின் உயரம் 76 செ.மீ. நாற்காலி 43 செ.மீ., உயர்த்தவோ தாழ்த்தவோ முடியாது. முழங்கை மேசைமட்டத்துக்குக் கீழே போவதால், தோளைத் தூக்கிக்கொண்டே நாளுக்கு 7 மணி நேரம் தட்டச்சு செய்கிறார். லேப்டாப் திரை தாழ்வாக இருப்பதால் கழுத்தும் குனிந்தே இருக்கிறது. வலது கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மூன்று மாதமாக இரவில் மரத்துப்போகின்றன. மணிக்கட்டில் நரம்பு அழுந்தினால் இப்படி ஆவதுண்டு. என்ன நோய் என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். இந்த வாரமே பணிநல மருத்துவரிடம் அனுப்புகிறோம்.

உயரம் மாற்றக்கூடிய நாற்காலி, தனி விசைப்பலகை, தனி மவுஸ், லேப்டாப் ஸ்டாண்ட் நான்கும் அனுப்பப்படும். கூடவே கால்பலகை. மேசைக்கு ஏற்ப நாற்காலியை உயர்த்தினால் இவருக்குக் கால் தரையில் எட்டாது. போன முறை வேறொருவருக்கு நாற்காலி மட்டும் அனுப்பிவிட்டு இதை நானே மறந்தேன்.

திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், ஒரு கை நீளத் தூரத்தில் இருப்பது பொது விதி. இவர் அணிவது இரட்டைப் பார்வைக் கண்ணாடி. கீழ்ப்பகுதி வழியாகப் படிப்பதால், திரை கொஞ்சம் தாழ்வாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் தலையை அண்ணாந்து படிக்க வேண்டிவரும். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்து திரையில் பளபளக்கிறது. மேசையைத் திருப்பி ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்தால் போதும்.

மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் எழுந்து நடக்கச் சொல்வது எளிது. ஆனால் நம் மென்பொருள் 4 நிமிடம் விசை தட்டாவிட்டால் ‘செயலற்ற நேரம்’ என்று குறித்து மேலாளருக்கு அனுப்புகிறது. அது இருக்கும்வரை இவர் எழுந்திருக்கப் போவதில்லை. அந்த வரம்பு இந்தப் பிரிவு முழுவதற்கும் 15 நிமிடமாக மாற்றப்பட வேண்டும்.

3. தனிமை (3 × 4 = 12)

எண் முந்தையதுதான், கவலை இங்கேதான் அதிகம். இந்தப் பகுதியை மேலாளர் அழைப்பிலிருந்து விலகிய பிறகு பேசினோம். இங்கே எழுதியிருப்பது ஊழியர் ஒப்புக்கொண்ட அளவு மட்டுமே.

அலுவலக நாள் முடிந்தால், சில வாரங்களில் அடுத்த அலுவலக நாள் வரை யாரிடமும் நேரில் பேசுவதில்லை என்றார். வேலை காலை 8 மணிக்குத் தொடங்குகிறது. ‘இன்னும் ஒரே ஒரு கோரிக்கை’ என்று இரவு 9 வரை போய்விடுகிறது. செய்தி வந்தவுடன் பதில் போடாவிட்டால் வேலை செய்யவில்லை என்று நினைப்பார்களோ என்ற பயமும் இருக்கிறது. விபத்தில் இறந்தவர்களின் கோப்புகளும் இவரிடம் வருகின்றன. அலுவலகத்தில் என்றால் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் இரண்டு வார்த்தை சொல்லி ஆறலாம்.

மேலாளர் வாரம் ஒரு முறை 20 நிமிடம் பேச வேண்டும். அதில் வேலை எண்ணிக்கையை எடுக்கக் கூடாது. மரணக் கோப்புகள் தொடர்ந்து ஒருவருக்கே போகாமல் சுற்றில் விடப்படும். மாலை 6.30-க்குப் பிறகு வரும் செய்திக்கு மறுநாள் பதில் போதும். இதை மேலாளரே குழுவுக்கு எழுதிவிட வேண்டும், ஊழியர் கேட்டு வாங்கும்படி இருக்கக் கூடாது. அலுவலக நாளில் குழுவில் குறைந்தது மூன்று பேர் நேரில் இருக்கும்படி அட்டவணை மாறும்.

தனியாக இருக்கும்போது மயங்கி விழுந்தால்? காலை 9.30 வரை உள்நுழைவு இல்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை என்றால், மேலாளர் 10 மணிக்குள் ஊழியர் கொடுத்துள்ள அவசரத் தொடர்பு எண்ணை அழைப்பார்.

4. மற்றவை

மோடம் வயர் நடைபாதையில் கிடக்கிறது. சுவரோரமாகக் கிளிப் போட வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவி இல்லை, ஒன்று அனுப்புகிறோம்.

5. நிறுவனத்தின் கடமை

வேலை வீட்டில் நடந்தாலும் பாதுகாப்புப் பொறுப்பு நிறுவனத்துடையதே. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டின் 155-ஆம் உடன்படிக்கை, பாதுகாப்பு நடவடிக்கைகளால் தொழிலாளருக்குச் செலவு வரக் கூடாது என்கிறது. அதனால் மேலே சொன்ன எதையும் ஊழியர் முதலில் வாங்கிவிட்டுப் பிறகு பணம் கேட்கும் முறை வேண்டாம். வேலை நேரத்தில் வீட்டில் அடிபட்டாலும் அலுவலக விபத்து போலவே பதிவு செய்து விசாரிக்கப்படும். முன்னறிவிப்பும் சம்மதமும் இல்லாமல் யாரும் அவர் வீட்டுக்குப் போகக் கூடாது. 9 புகைப்படங்களும் மறுபார்வை முடிந்ததும் அழிக்கப்படும்.

ஊழியரின் பங்கும் உண்டு: கொடுத்ததைப் பயன்படுத்த வேண்டும், வலியோ பழுதோ வந்தால் மறைக்கக் கூடாது. மூன்று மாதம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை” என்றார். இது அவருடைய தவறு அல்ல. புகார் செய்யும் எண்ணும் மின்னஞ்சலும் எல்லா வீட்டுப் பணியாளர்களுக்கும் நாளை அனுப்பப்படும்.

மறுபார்வை: 6 வாரத்தில், மீண்டும் வீடியோ அழைப்பில். வீடு மாறினாலோ, வலி கூடினாலோ, கருவுற்றாலோ, வேலை நேரம் மாறினாலோ அதற்கு முன்பே.

ஊழியர் இதைப் படித்து இரண்டு திருத்தம் சொன்னார்; இரண்டும் சேர்க்கப்பட்டன. பிரதி ஊழியருக்கும் பிரிவு மேலாளருக்கும்.