காலாவதியான பனீர், உப்பிய தயிர், அழுகிய தக்காளி: ₹312 திருப்பித் தரக் கோரி

மதுரை, 16.06.2025

குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். ஆர்டர் எண் 4471-20839. 14.06.2025 சனிக்கிழமை இரவு 7.10-க்கு எல்லீஸ் நகரில் எங்கள் வீட்டுக்கு டெலிவரி ஆனது. கொண்டுவந்த தம்பி மேல் குறை எதுவும் இல்லை, பையைப் பத்திரமாகக் கொடுத்துவிட்டுத்தான் போனார். பைக்குள் இருந்த பொருள்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பனீர் 200 கிராம், இரண்டு பாக்கெட். தேதி அச்சடித்த இடத்தின் மேலேயே உங்கள் ஆர்டர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்துப் பார்த்தால், 09.06.2025 வரைதான் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. டெலிவரி ஆன அன்றே ஐந்து நாள் தாண்டிவிட்டது. இரண்டிலும் அதே தேதி, அதே பேட்ச் எண்.

தயிர் ஒரு கிலோ. தேதி 11.06.2025. பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருந்தது. மூலையைக் கத்தரித்ததும் காற்று புஸ்ஸென்று வந்தது, கூடவே கெட்ட வாடை. என் மாமியாருக்கு ராத்திரிச் சாப்பாடே தயிர்சாதம்தான். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, அவரே எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

தக்காளி ஒரு கிலோவில் பாதிக்கு மேல் அழுகி, வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தது.

ஆறு போட்டோ இணைத்திருக்கிறேன். எல்லாம் அன்று இரவு 7.18-லிருந்து 7.31-க்குள் எடுத்தவை, தேதியும் நேரமும் படத்திலேயே இருக்கின்றன. ஸ்டிக்கரோடு ஒன்று, உரித்தபின் ஒன்று, பேட்ச் எண் தெரியும்படி ஒன்று, பக்கத்தில் உங்கள் பில்லை வைத்துத் தயிர், தக்காளி. பாக்கெட்டுகளைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பினால் தருகிறேன்.

7.35-க்கே ஆப் சாட்டில் சொன்னேன். முதலில் படம் தெளிவாக இல்லை என்றார்கள். மறுபடி அனுப்பினேன். அப்புறம் 50 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்று சொல்லி, நான் பதில் எழுதும் முன்பே சாட்டை முடித்துவிட்டார்கள். கூப்பன் வேண்டாம். கெட்டுப்போன பொருளுக்கு ஈடாக அடுத்த ஆர்டரில் தள்ளுபடி தருவது நியாயமே இல்லை.

பனீர் ₹190, தயிர் ₹80, இரண்டும் சேர்த்து ₹270-ஐ நான் பணம் கட்டிய யூபிஐ கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். தக்காளிக்கான ₹42-ஐ ஆப் வாலெட்டில் வரவு வைத்தாலும் சரி.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பணத்தைவிட முக்கியம். அந்த பேட்ச் பனீர் உங்கள் குடோனில் இன்னும் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். தேதியை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டுவதையும் நிறுத்துங்கள். எல்லோரும் சுரண்டிப் பார்க்கமாட்டார்கள்.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. அதற்குள் பதில் வராவிட்டால், இதே படங்களோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வேன், உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் எழுதுவேன்.

ஆர்டரில் உள்ள கைபேசி எண்ணிலேயே என்னை அழைக்கலாம். மாலை 5 மணிக்கு மேல் என்றால் வசதி.

இப்படிக்கு,
மு. செல்வி
எல்லீஸ் நகர், மதுரை