குன்னூர் கிளவுட் கிச்சன்: வரவு செலவுத் திட்டம்

அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

ஒன்றரை லட்சம் தருவதற்கு முன்னால் கணக்கை எழுதிக் காட்டச் சொன்னீர்கள். எழுதிப் பார்த்ததில் என் திட்டமே மாறிவிட்டது. முதலில் முழுக்க டெலிவரி ஆப்பை நம்பித்தான் யோசித்தேன். இப்போது கேரியர் சாப்பாடுதான் அடிப்படை, ஆப் அதற்கு மேல் கிடைக்கும் வருமானம். ஏன் என்று கீழே இருக்கிறது.

இடமும் சமையலும்

மவுண்ட் ரோட்டின் பின்பக்கம் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, மாத வாடகை 7,000. உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது. மதியம் சாப்பாடும் சிக்கன் பிரியாணியும், மாலையில் சப்பாத்தி குருமாவும் சிக்கன் குழம்பும். தோசையும் பரோட்டாவும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இந்தக் குளிரில் மாவு புளிப்பதே பெரும்பாடு. சுட்டுக் கொடுத்தாலும் பெட்போர்டு மேடு ஏறிப் போய்ச் சேரும்போது தோசை தொய்ந்து போயிருக்கும்.

நாம் இருப்பது ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். தண்ணீர் 94 டிகிரிக்கே கொதித்துவிடும், அதனால் பருப்பும் கறியும் வேக நேரம் எடுக்கும். குக்கர் இல்லாமல் இங்கே கட்டுப்படியாகாது. கேஸ் செலவைக் கீழ்நாட்டு வீட்டுக் கணக்கைவிடக் கொஞ்சம் கூட்டியே வைத்திருக்கிறேன். வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான்.

ஒரு ஆப் ஆர்டரில் என்ன மிஞ்சும்

அண்ணி, இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். சராசரி ஆர்டர் 240 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். எனக்குச் சொல்லப்பட்ட கமிஷன் 24 சதவீதம்.

விலை: 240
கமிஷன் 24%: 57.60
கமிஷன் மீது ஜிஎஸ்டி 18%: 10.37
பணம் பெறும் கட்டணம் 2%, அதன் ஜிஎஸ்டியுடன்: 5.66
கைக்கு வருவது: 166.37

கமிஷன் 24 என்று சொன்னாலும், ஜிஎஸ்டியும் கட்டணமும் சேர்ந்தால் போவது கிட்டத்தட்ட 31 சதவீதம். அந்த 18 சதவீத வரியை நம்மால் திரும்பப் பெற முடியாது. வாடிக்கையாளர் சாப்பாட்டுக்குக் கட்டும் 5 சதவீத ஜிஎஸ்டி வேறு. அதை 2022 ஜனவரியிலிருந்து ஆப்களே வசூலித்துக் கட்டிவிடுகின்றன, அது நம் கணக்கில் வராது. வருமான வரிப் பிடித்தம் 0.1 சதவீதம்தான் என்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

166.37-இல் பொருள் செலவு 78, பேக்கிங் 21, கேஸும் மின்சாரமும் 11, திருப்பிக் கொடுக்க வேண்டி வரும் பணத்துக்கும் வீணாவதற்கும் 6. மொத்தம் 116. மிச்சம் 50 ரூபாய்.

இதில் 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால், கமிஷனும் செலவும் கழித்து மிஞ்சுவது 34 ரூபாய்தான். விலையில் பத்தில் ஒரு பங்கை விட்டால் மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆப்காரர்கள் தள்ளுபடி போட்டால்தான் கடை மேலே தெரியும் என்று சொல்வார்கள். முதல் இரண்டு வாரம் மட்டும் போடுவேன், அதற்குமேல் கிடையாது. 180 ரூபாய்க்குக் கீழே வரும் தனித்தனிப் பொருட்களை மெனுவில் வைக்கவே மாட்டேன். 120 ரூபாய் ஆர்டருக்கும் பை, ஸ்டிக்கர், கேஸ் எல்லாம் ஏறக்குறைய அதே செலவுதான்.

பேக்கிங்

அந்த 21 ரூபாய் இப்படி வருகிறது: கரும்புச் சக்கைப் பெட்டி 9, தயிர்ப் பச்சடிக்கும் குழம்புக்கும் மூடி போட்ட காகிதக் கப் இரண்டு 5, காகிதப் பை 5, சீல் ஸ்டிக்கர் 1, உள்ளே விரிக்க வாழை இலை 1. பிளாஸ்டிக் பெட்டி என்றால் பாதிக்குப் பாதி குறையும் என்று அண்ணன் சொன்னார். 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. நீலகிரியில் சோதனையும் கடுமை. அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும், காட்டுமாடு மேயும் ஓடையில் என் கடைப் பை கிடக்கக் கூடாது.

சக்கைப் பெட்டியில் தண்ணீர்க் குழம்பு ஊறிப் பிரியும். அதனால் பெட்டிக்குள் கெட்டிக் குருமா மட்டும்தான், மெல்லிய குழம்பு கப்பில்தான் போகும். மழைக்காலத்தில் காகிதப் பையும் பெட்டியும் ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும். மூன்று வாரத்துக்கு மேல் வாங்கி அடுக்க மாட்டேன், மூடிய டிரம்மில்தான் வைப்பேன். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் விதிவிலக்கு. மண்சரிவில் மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் வண்டி கோத்தகிரி சுற்றித்தான் வர வேண்டும். அப்போது அரிசி, எண்ணெய், பெட்டி எல்லாம் பத்து நாளுக்குக் கூடுதலாக இருக்கும்.

மாதச் செலவு

வாடகை 7,000, உதவிக்கு ஒரு அக்கா 10,000, தண்ணீர், அடிப்படை மின்கட்டணம், இணையம் 2,000, சின்னப் பழுதுகள் 1,500, உங்களுக்குத் திருப்பித் தருவது 5,000. மொத்தம் 25,500.

ஆப் மட்டும் என்றால் இதற்கே மாதம் 510 ஆர்டர், 26 நாளுக்கு நாளொன்றுக்கு 20 வேண்டும். ஆடி மழையில், மூடுபனியில், டெலிவரித் தம்பிகள் பாதிப் பேர் வண்டி எடுக்காத நாளில் 20 வராது. மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும்போது ஊரில் கூட்டம் இருந்தாலும் சாலை நகராது, சாப்பாடு ஆறித்தான் போகும். அந்த நாட்களில் ஆப்பை மதியமே நிறுத்திவிடுவேன். ஆறிய சாப்பாட்டுக்குக் கிடைக்கும் ஒரு நட்சத்திரம் அன்றைய வரவைவிடப் பெரிய நஷ்டம்.

கேரியர் சாப்பாடு

இதுதான் திட்டத்தின் முதுகெலும்பு. வங்கி, பள்ளி, தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம் என்று வேலை பார்ப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு, ஸ்டீல் கேரியரில், நாளைக்கு 110 ரூபாய். பொருள் 52, கேஸ் 8, என் ஸ்கூட்டர் பெட்ரோல் 8, கழுவ 2. மிச்சம் 40. கமிஷனும் இல்லை, பெட்டியும் இல்லை. மாதப் பணத்தில் பாதி முன்கூட்டியே வரும் என்பதால் மளிகைக் கடன் வேண்டியதில்லை.

20 பேர், 24 நாள் என்றால் 19,200 ரூபாய். மீதி 6,300-க்கு மாதம் 126 ஆப் ஆர்டர், நாளைக்கு ஐந்து போதும். இதுவரை 13 பேர் வாய்ச்சொல்லாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். 20 பேர் முன்பணம் தந்த பிறகுதான் அடுப்பு வாங்குவேன்.

என் சம்பளம் இதில் இல்லை. அதைச் சேர்க்காமல் லாபம் என்று சொல்வது சரியில்லை. நான் 12,000 எடுக்க வேண்டுமானால் ஆப்பில் நாளைக்கு 14 ஆர்டர் வேண்டும், அல்லது கேரியர் 30 ஆகி ஆப்பில் ஏழு. இரண்டாவது வழியைத்தான் நான் துரத்தப் போகிறேன்.

ஒன்றரை லட்சம் எங்கே போகும்

அடுப்பும் பர்னரும் 28,000, பழைய டீப் ஃபிரீசர் 22,000, பாத்திரம் 18,000, கேரியர் 40 (ஆளுக்கு இரண்டு) 22,000, அட்வான்ஸ் 30,000, உணவுப் பாதுகாப்புப் பதிவும் முதல் பேக்கிங்கும் 12,000, கையிருப்பு 18,000. ஆப் பணம் வாரம் ஒருமுறைதான் வரும், அந்தக் கையிருப்பு அதற்காக.

ஆரம்பம் ஜூன் 15. சீசனில் தொடங்கினால் கூட்டத்தைப் பார்த்து ஏமாந்துவிடுவேன், அதனால் மழையிலேயே தொடங்குகிறேன். இரவு எட்டரைக்கு மூடுவேன். டெலிவரி தூரம் மூன்று கிலோமீட்டர், அருவங்காடு பக்கம் இப்போது வேண்டாம்.

டிசம்பர் முடிவில் கேரியர் 15-க்குக் கீழே இருந்து, என் சம்பளம் இல்லாமலே செலவு ஈடாகவில்லை என்றால் கடையை மூடிவிடுவேன். அட்வான்ஸ் திரும்பி வரும், ஃபிரீசரையும் அடுப்பையும் விற்றால் வருவதை நேராக உங்கள் கணக்கில் போடுவேன். மீதியை மாதம் 4,000 வீதம் தருகிறேன். சம்மதம் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், வீட்டுக்காரர் அதுவரைதான் அறையை நிறுத்தி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.