‘போ’: வினைத்திரிபு அட்டவணை (ரோஸ் ஹில் மாலை வகுப்பு)

கிரியோலில் ‘மோ தி அலே’, ‘லி தி அலே’. ஆள் மாறினாலும் வினை மாறாது, காலம் முன்னால் வரும். தமிழில் காலமும் ஆளும் வினைக்குப் பின்னால்: போ + ன் + ஏன். நடுவில் காலம், கடைசியில் ஆள்.

| இடம் | காலம் | வினை | எடுத்துக்காட்டு |
|---|---|---|---|
| நான் | இறந்த | போனேன் | நேற்று சந்தைக்குப் போனேன். |
| நான் | நிகழ் | போகிறேன் | தினமும் போர்ட் லூயிக்கு வேலைக்குப் போகிறேன். |
| நான் | எதிர் | போவேன் | தைப்பூசத்துக்குக் காவடியோடு போவேன். |
| நாங்கள், நாம் | எதிர் | போவோம் | சரி, நாம் கடற்கரைக்குப் போவோம். |
| நீ | நிகழ் | போகிறாய் | தம்பி, எங்கே போகிறாய்? |
| நீங்கள் | இறந்த | போனீர்கள் | பாட்டி, கோவிலுக்கு எப்போது போனீர்கள்? |
| அவன் | இறந்த | போனான் | அண்ணன் மகன் கியூர்பிப் போனான். |
| அவள் | நிகழ் | போகிறாள் | தங்கை பள்ளிக்கூடம் போகிறாள். |
| அவர் | எதிர் | போவார் | மாமா நாளைக்குப் போவார். |
| அவர்கள் | இறந்த | போனார்கள் | எல்லாரும் கல்யாணத்துக்குப் போனார்கள். |
| அது | இறந்த | போனது | பஸ் நிற்காமல் போனது! |
| அது | எதிர் | போகும் | மெட்ரோ ரோஸ் ஹில் வழியாகப் போகும். |

எல்லாரும் தடுக்கி விழும் இடம் கடைசி வரி. ‘போவது’ என்று எழுதாதீர்கள். அஃறிணைக்கு எதிர்காலத்தில் ‘-உம்’தான், ‘அவை’க்கும் அதே ‘போகும்’.

‘நூ’ என்ற ஒரே சொல்லுக்கு இங்கே இரண்டு: கேட்பவரையும் சேர்த்தால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். விகுதி ஒன்றுதான், கவலை வேண்டாம்.

அப்புறம், பெரியவர்களிடம் ‘நீ’ போடாதீர்கள். கிரியோலில் ‘தோ’, ‘ஊ’ பார்த்துப் பேசுவீர்களே, அப்படித்தான். விட்டுப்போன கட்டங்களை அடுத்த வகுப்புக்குள் நீங்களே எழுதி வாருங்கள்.