முன்மொழிவு, ஏற்பு, மறுபயன்: வழக்குகளின் வழியே ஒரு படிப்புக் குறிப்பு

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு

இந்த அத்தியாயத்தில் தேர்வுக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டாம் பிரிவின் சில வரிகளுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. வழக்குகளின் பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டுப் பிரிவின் சொற்களைக் கைவிடுகிறவர்கள், சிக்கல் வினா வந்ததும் தடுமாறுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு வழக்கையும் படிக்கும்போது, பிரிவிலுள்ள எந்தச் சொல்லின் மேல் அந்தத் தீர்ப்பு நிற்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்மொழிவு

பிரிவு 2(ஏ)-இன்படி, ஒன்றைச் செய்யவோ செய்யாதிருக்கவோ தமக்குள்ள விருப்பத்தை, மற்றவரின் இசைவைப் பெறும் நோக்கத்துடன் ஒருவர் தெரிவிப்பதே முன்மொழிவு. 'இசைவைப் பெறும் நோக்கம்' என்பதுதான் இங்கே உயிர்நாடி. ஹார்வி எதிர் ஃபேஸி (1893) வழக்கில், ஜமைக்காவிலிருந்த ஒரு நிலத்தை விற்பீர்களா, குறைந்தபட்ச விலை என்ன என்று தந்தியில் கேட்டபோது, 900 பவுண்டு என்று விலை மட்டுமே பதிலாக வந்தது. வாங்க விரும்பியவர் உடனே 'ஏற்கிறோம்' என்று தந்தி அடித்தும் பயனில்லை. விலையைச் சொன்னது தகவல் தந்ததே தவிர முன்மொழிந்தது ஆகாது என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. குடகிலுள்ள ஒரு பங்களா பற்றிய மக்ஃபெர்சன் எதிர் அப்பண்ணா (1951) வழக்கில், 'பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்து ஏற்க மாட்டேன்' என்ற செய்தியையும் நம் உச்ச நீதிமன்றம் இவ்வாறே விலை கோரும் அழைப்பாகக் கண்டது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது கார்லில் வழக்கு (1893). தான் விற்ற புகை உருண்டை என்ற மருந்தைச் சொன்னபடி பயன்படுத்தியும் இன்ஃப்ளுயன்சா வந்தால் 100 பவுண்டு தருவதாக விளம்பரம் செய்த நிறுவனம், அதற்கு அடையாளமாக வங்கியில் 1000 பவுண்டு போட்டிருப்பதாகவும் அறிவித்தது. விளம்பரங்கள் பொதுவாக அழைப்புகள்தாம்; ஆனால் இந்த வைப்புத்தொகை, நிறுவனம் வெறும் வாய்வீச்சாகப் பேசவில்லை என்பதைக் காட்டியது. நிபந்தனைப்படி நடந்ததே ஏற்பு ஆயிற்று. இதே கருத்து நம் சட்டத்தில் 8-ஆம் பிரிவில் இருக்கிறது.

ஏற்பு

லால்மன் சுக்லா எதிர் கௌரி தத் (1913) வழக்கைக் கவனமாகப் படியுங்கள். காணாமற்போன சிறுவனைத் தேட அவனுடைய குடும்பத்தின் பணியாளர் அனுப்பப்பட்டார். அவர் போன பிறகு 501 ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது. அதை அறியாமலேயே அவர் சிறுவனைக் கண்டுபிடித்தார். பின்னர் பரிசைக் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். முன்மொழிவு என்ற ஒன்று இருப்பதே தெரியாதவர் அதை ஏற்றார் என்று சொல்ல இயலாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை மறுத்தது. நியாய உணர்வுக்கு இது சற்று உறுத்தத்தான் செய்யும். ஆனாலும் 2(பி)-யில் உள்ள 'இசைவு' என்ற சொல்லை வைத்துப் பார்த்தால் வேறு வழி இல்லை.

ஏற்பு முழுமையாகவும் மாற்றமின்றியும் இருக்க வேண்டும் என்பது 7-ஆம் பிரிவு. ஹைட் எதிர் ரெஞ்ச் (1840) வழக்கில் 1000 பவுண்டுக்கு விற்க முன்மொழியப்பட்ட பண்ணையை 950-க்குக் கேட்டவர், மறுக்கப்பட்டதும் 1000 பவுண்டுக்கே ஏற்பதாகச் சொன்னார். எதிர்முன்மொழிவு முதல் முன்மொழிவைச் சாகடித்துவிட்டதால், ஏற்பதற்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை. மௌனத்தை ஏற்பாகக் கொள்ள முடியாது என்பதற்கு ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி (1862) போதும்.

அஞ்சல் வழி ஏற்பில் 4-ஆம் பிரிவு இரண்டு நேரங்களைத் தருகிறது: ஏற்பவரின் கையை விட்டு அனுப்பப்பட்டதும் அது முன்மொழிந்தவரைக் கட்டுப்படுத்தும், முன்மொழிந்தவருக்குத் தெரிய வந்ததும்தான் ஏற்றவரைக் கட்டுப்படுத்தும். தொலைபேசியில் இந்த இடைவெளி இல்லை. பகவான்தாஸ் எதிர் கிர்தாரிலால் (1966) வழக்கில், அகமதாபாத்திலிருந்து முன்மொழிவு சென்றது. காம்காவிலிருந்து ஏற்பு பேசப்பட்டது. ஏற்பு செவியில் விழுந்த அகமதாபாத்திலேயே ஒப்பந்தம் உண்டானது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. நீதிபதி இதாயத்துல்லாவின் மாற்றுக் கருத்தையும் ஒரு வரியில் குறிப்பிடுவது நல்லது.

மறுபயன்

ஒரு வாக்குறுதிக்கு ஈடாகச் செய்யப்படுவதோ தரப்படுவதோதான் மறுபயன். பழைய பத்திரங்களில் 'பிரதிபிரயோசனம்' என்று எழுதப்படுவது இதுதான். பிரிவு 2(டி)-யில் இரண்டு சொற்றொடர்களை அடிக்கோடிடுங்கள்: 'வாக்குறுதி அளிப்பவரின் விருப்பத்தின் பேரில்', 'வாக்குறுதி பெறுபவர் அல்லது வேறு எவரேனும்'.

முதலாவதற்கு துர்கா பிரசாத் எதிர் பல்தேவ் (1880) சரியான சான்று. ஆட்சியர் கேட்டுக்கொண்டதால் ஒருவர் தம் செலவில் கடைகளைக் கட்டினார். அங்கே குடியேறிய வியாபாரிகள், தங்கள் விற்பனையில் அவருக்குத் தரகுத் தொகை தருவதாக வாக்களித்தனர். கட்டியது ஆட்சியரின் விருப்பத்தின் பேரிலேயன்றி வியாபாரிகளின் விருப்பத்தின் பேரில் அன்று. ஆகவே மறுபயன் இல்லை. கேதார்நாத் எதிர் கோரி முகமது (1886) வழக்கில் நிலைமை வேறு. ஹௌராவில் நகர மண்டபம் கட்ட 100 ரூபாய் நன்கொடை எழுதிக்கொடுத்தவர், அந்த வாக்கை நம்பியே ஒப்பந்தக்காரரிடம் பணி ஒப்படைக்கப்படும் என்பதை அறிந்திருந்தார். பணி ஒப்படைக்கப்பட்டதே மறுபயனாகி, அவர் பணம் கட்ட வேண்டியதாயிற்று. அப்துல் அசீஸ் (1914) வழக்கில், மசூதிப் பழுதுபார்ப்புக்கு வாக்களிக்கப்பட்ட 500 ரூபாயைக் கட்ட வேண்டியதில்லாமற்போனதற்குக் காரணம், அந்த வாக்கை நம்பி எதுவும் செய்யப்படாததே. இந்த மூன்று வழக்குகளையும் குழப்பிக்கொள்ளும் விடைத்தாள்களே அதிகம். யார் விரும்பினார், நம்பி என்ன செய்யப்பட்டது என்ற இரு கேள்விகளும் குழப்பத்தைத் தீர்க்கும்.

இரண்டாவது சொற்றொடருக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் சின்னய்யா எதிர் ராமய்யா (1882) வழக்கே வழிகாட்டி. ஒரு மூதாட்டி தம் நிலத்தை மகளுக்குத் தானமாக எழுதி, தம் உடன்பிறந்தவருக்கு ஆண்டுதோறும் 653 ரூபாய் தர வேண்டும் என்று கட்டளையிட்டார். மகளும் அவ்வாறே அந்த உடன்பிறந்தவருக்குத் தனியாக எழுதிக்கொடுத்தார். பின்னர் தர மறுத்தார். உடன்பிறந்தவர் மகளுக்கு எதுவும் தரவில்லை என்பது உண்மை. ஆனால் நிலம் மூதாட்டியிடமிருந்து வந்திருக்கிறது. 'வேறு எவரேனும்' என்ற சொற்களுக்கு அது போதும். ட்வெடில் எதிர் அட்கின்சன் (1861) காட்டும் ஆங்கிலச் சட்டத்தில் மறுபயன் வாக்குறுதி பெறுபவரிடமிருந்தே வர வேண்டும். அதற்காக, ஒப்பந்தத்தில் தரப்பினர் அல்லாதவர் இங்கே வழக்கிடலாம் என்று எழுதிவிடாதீர்கள். சின்னய்யா வழக்கில் மகளின் வாக்குறுதி நேரடியாக அந்த உடன்பிறந்தவருக்கே தரப்பட்டது. தரப்பினர் அல்லாதவர் பொதுவாக வழக்கிட முடியாது என்பதை சாக்கோ எதிர் திருவாங்கூர் ஸ்டேட் வங்கி (1970) உறுதிசெய்கிறது.

மறுபயன் போதுமானதா என்று நீதிமன்றம் அளப்பதில்லை. ஆயிரம் ரூபாய்க் குதிரையைப் பத்து ரூபாய்க்கு விற்க ஒப்புக்கொள்வதும் செல்லும். இசைவு சுதந்திரமானதா என்ற ஐயத்துக்கு மட்டும் அது இடம் தரும். மறுபயனே இல்லாமல் செல்லும் விதிவிலக்குகள் 25-ஆம் பிரிவில் உள்ளன: நெருங்கிய உறவினரிடையே அன்பினால் எழுதிப் பதிவுசெய்தது, தாமாக முன்வந்து செய்த உதவிக்கு ஈடு தருவது, காலவரம்பு கடந்த கடனை எழுத்தில் ஏற்பது. முதல் விதிவிலக்கில் பதிவு மட்டும் போதாது. ராஜலக்கி தேவி (1900) வழக்கில், கணவன் மனைவியின் சச்சரவுகளையே பத்திரம் குறிப்பிட்டிருந்ததால் அங்கே அன்பைக் காண முடியவில்லை என்றது கல்கத்தா உயர் நீதிமன்றம்.

பயிற்சி வினா

ஈரோட்டு மஞ்சள் வியாபாரி ஒருவர் 20 மூட்டைகளை விற்பதாக மார்ச் 3 அன்று மதுரைக் கடைக்காரருக்குக் கடிதம் எழுதுகிறார். கடிதம் 5-ஆம் தேதி கிடைக்கிறது. கடைக்காரர் 6-ஆம் தேதி காலையில் ஏற்புக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கிறார். அன்று மாலை வியாபாரி தொலைபேசியில் அழைத்து, 'விற்கவில்லை' என்கிறார். ஏற்புக் கடிதம் 8-ஆம் தேதி ஈரோட்டை அடைகிறது. ஒப்பந்தம் உண்டா? வியாபாரி அழைக்காமல், கடைக்காரரே 7-ஆம் தேதி அழைத்து 'வேண்டாம்' என்றிருந்தால்?

விடை: முதல் நிலையில் ஒப்பந்தம் உண்டு. 6-ஆம் தேதி காலையிலேயே ஏற்பு வியாபாரிக்கு எதிராக முழுமையடைந்துவிட்டதால், மாலையில் அவர் திரும்பப் பெற்றது 5-ஆம் பிரிவின்படி காலங்கடந்தது. இரண்டாம் நிலையில் ஒப்பந்தம் இல்லை. கடைக்காரருக்கு எதிராக ஏற்பு 8-ஆம் தேதிதான் முழுமையடையும். அதற்கு முன்பே 7-ஆம் தேதி அவர் ஏற்பைத் திரும்பப் பெற்றது வியாபாரிக்குத் தெரிந்துவிட்டது.