சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கோரி விண்ணப்பம்

அனுப்புநர்:
ம. செல்வி,
க/பெ. (காலஞ்சென்ற) ஹவில்தார் மணிவண்ணன்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
ஓய்வூதிய அலுவலர் அவர்கள்,
பாதுகாப்புத் துறை ஓய்வூதிய அலுவலகம்.

நாள்: 10.06.2025

பொருள்: பணியின்போது இறந்த என் கணவருக்குரிய சிறப்புக் குடும்ப ஓய்வூதியத்தை வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

2009ஆம் ஆண்டு படையில் சேர்ந்த என் கணவர், கிழக்கு லடாக்கில் ஏறக்குறைய 17,000 அடி உயரத்திலிருந்த காவல் நிலையில் பணியாற்றியபோது மூச்சுத்திணறல் ஏற்பட்டு, கீழே ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு, 18.01.2024 அன்று காலமானார். உயரமான மலைப்பகுதியில் உண்டாகும் நுரையீரல் நீர்க்கோப்பே காரணம் என்று மருத்துவமனை அறிக்கை கூறுகிறது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் விடுப்பில் வந்திருந்தவர் எங்கள் நிலத்தில் தாமே ஏர் ஓட்டினார். நோய் என்று ஒரு நாளும் படுத்தவரல்லர்.

எனக்கு இப்போது சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் ஸ்பர்ஷ் வழியாக மாதந்தோறும் தவறாமல் வருகிறது, அதற்கு நன்றியுடையேன். ஆனால் கடுங்குளிரிலும் மலை உயரத்திலும் தொடர்ந்து பணியாற்றியதால் வந்த நோயில் இறந்தவரின் மரணம் படைப்பணியால் நேர்ந்ததாக ஏற்கப்பட்டால், அவர் மனைவிக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று விதி இருக்கிறது. அதற்காக 2024 மே மாதம் நான் அளித்த மனுவுக்கு, விசாரணை அறிக்கையும் மரணக் காரணம் குறித்த மருத்துவக் கருத்தும் வந்து சேரவில்லை என்று ஒரு முறை பதில் வந்தது. அதன்பின் எந்தத் தகவலும் இல்லை. அந்தத் தாள்கள் படைப்பிரிவிலிருந்து வரவேண்டியவை. நான் கேட்டுப் பெறக்கூடியவை அல்ல.

இன்று கிடைக்கும் தொகை, கணவரின் கடைசிச் சம்பளத்தில் 50 விழுக்காடு. பத்து ஆண்டுகள் முடியும் 2034 ஜனவரியில் அது 30 விழுக்காடாகக் குறைந்துவிடும். சிறப்புக் குடும்ப ஓய்வூதியமோ 60 விழுக்காடு. அப்படிக் குறைவதும் இல்லை. என் மகளுக்கு இப்போது எட்டு வயது. அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போக வேண்டிய காலத்தில்தான் வீட்டு வருமானம் சரியும் என்பதே என் பெருங்கவலை. மகனுக்கு நான்கு வயது. அப்பாவைப் படத்தில்தான் அடையாளம் காட்டுவான். கண்பார்வை மங்கிய மாமியாரும் என்னோடுதான் இருக்கிறார்.

ஆகவே, அந்த இரு தாள்களையும் உரிய படைப்பிரிவிலிருந்து தாங்களே எழுதிப் பெற்று, என் கணவரின் மரணத்தைப் பணியால் நேர்ந்ததாக ஏற்று, அவர் இறந்ததற்கு மறுநாள் முதல் நிலுவையுடன் சிறப்புக் குடும்ப ஓய்வூதியத்தை வழங்க ஆணையிடும்படி பணிவுடன் வேண்டுகிறேன். கோரிக்கை ஏற்கப்படாவிட்டால், நான் மேல்முறையீடு செய்ய ஏதுவாக, அதற்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

படை எண் உள்ள பணிச்சான்று, இறப்புச் சான்றிதழ், மருத்துவமனை அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, முந்தைய மனு, தங்கள் பதில் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ம. செல்வி