தேன்மொழி கல்யாணப் பத்திரிகை: முழு மேட்டர்

அண்ணே வணக்கம், மேலூர் முத்துக்குமார். தங்கச்சி பத்திரிகைக்கு மொத்த மேட்டரும் இதுலயே டைப் பண்ணிட்டேன். 600 காப்பி, மஞ்சள் கவரோட. முதல்ல மடிப்பைச் சொல்லிடுறேன், அதை வச்சுத்தான் எந்த மேட்டர் எங்க வருதுன்னு புரியும்.

மூணு பக்க மடிப்பு, விரிச்சா 15 இன்ச் அகலம், 7 இன்ச் உயரம். நடுவுல ரெண்டு பக்கமா கதவு மாதிரி திறக்குற மாடல் வேணாம்ணே, சொந்தத்துல ஒருத்தர் அப்படி அடிச்சு பிள்ளையார் முகம் சரியா நடுவுல ரெண்டா பிரிஞ்சு நின்னுச்சு, அதைப் பார்த்த எங்க அம்மாவுக்கு மனசே ஆறல. கடைசியா உள்ள மடங்குற பக்கத்தை மத்த ரெண்டையும் விட 2 மில்லிமீட்டர் கம்மியா வைங்க, இல்லேன்னா முட்டி வளைஞ்சுக்கும். 300 ஜிஎஸ்எம் போர்டுங்கறதால கிரீசிங் போட்டுட்டு மடிங்க, மடிப்புல மெரூன் கலர் வெடிச்சு வெள்ளை தெரியக்கூடாது.

முகப்பு

உ
அருள்மிகு மீனாட்சி சுந்தரேஸ்வரர் துணை
ஸ்ரீ பதினெட்டாம்படி கருப்பணசாமி துணை

திருமண அழைப்பிதழ்
தேன்மொழி – செந்தில்குமார்
8.2.2026

(பிள்ளையார் மட்டும் கோல்டு ஃபாயில். பேருக்கு ஃபாயில் வேணாம், வெளிச்சத்துல வாசிக்க முடியல.)

திறந்ததும் இடது கை பக்கம், முகூர்த்தம்

அன்புடையீர், வணக்கம்.

நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் தை மாதம் 25ஆம் நாள் (8.2.2026) ஞாயிற்றுக்கிழமை, தேய்பிறை சப்தமி திதியும் சுவாதி நட்சத்திரமும் கூடிய சுபதினத்தில், காலை 9.00 மணிக்கு மேல் 10.00 மணிக்குள் மீன லக்னத்தில்,

மேலூர் தெய்வத்திரு காத்தமுத்து – காளியம்மாள் பேத்தியும், வாடிப்பட்டி தெய்வத்திரு சோலைமலை – திருமதி மீனாட்சியம்மாள் மகள் வயிற்றுப் பேத்தியும்,
அமரர் கா. ராமசாமி – திருமதி ரா. பாண்டியம்மாள் இவர்களின் மகளுமாகிய

திருவளர்ச்செல்வி
ரா. தேன்மொழி, பி.இ.

என்பவரை

திருமங்கலம் தெய்வத்திரு முனியாண்டி – திருமதி ராக்கம்மாள் பேரனும்,
திரு. மு. வேல்முருகன் – திருமதி வே. லட்சுமி இவர்களின் மகனுமாகிய

திருநிறைச்செல்வன்
வே. செந்தில்குமார், எம்.காம்.

என்பவருக்குப் பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு, திருப்பரங்குன்றம் அருள்மிகு சுப்பிரமணிய சுவாமி திருக்கோவிலில் திருமணம் நடைபெற இருப்பதால், தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை வாழ்த்தி அருளுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்
ரா. பாண்டியம்மாள்
மேலூர்

அண்ணே, இந்த இடத்துல ரெண்டு விஷயம் மாத்தாம போடணும். தங்கச்சிக்கு அடுத்து இன்னொரு தங்கச்சி இருக்கா, அதனால தேன்மொழிக்கு திருவளர்ச்செல்வி. மாப்பிள்ளை வீட்ல இவர்தான் கடைசி, அதனால அவருக்கு திருநிறைச்செல்வன். கம்போஸ் பண்ற தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தையைப் போட்டுட்டா இதை மட்டும் பார்த்தே இன்னொரு பொண்ணு இருக்காளான்னு கேக்குற சொந்தம் எங்களுக்கு நிறைய உண்டு.

ரெண்டாவது, இங்ஙனம்ங்கற இடத்துல அம்மா பேர்தான். ஊர்ல சிலர், பெரியப்பா பேரைப் போடுங்க, புருஷன் இல்லாதவ எதுக்கு முன்ன நிக்கணும்னு சொன்னாங்க. அப்பா தவறி 11 வருஷமாச்சு, தையல் மிஷினை மிதிச்சு மூணு பேரையும் படிக்க வச்சது அம்மா, அவங்க பிள்ளை கல்யாணத்துக்கு அவங்கதான் அழைப்பாங்க. பெரியப்பாகிட்டயே கேட்டேன், அவரும் இதான் சரின்னு சொல்லிட்டாரு. அதனால யார் போன் பண்ணி மாத்தச் சொன்னாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம மாத்தாதீங்கண்ணே. "வேண்டுகிறோம்" இல்ல, "வேண்டுகிறேன்", அதையும் பார்த்துக்கோங்க.

நடுப் பக்கம், உறவு

தங்கள் நல்வரவை ஆவலுடன் எதிர்நோக்கும்

பெரியப்பா, பெரியம்மா: திரு. கா. தங்கராசு – திருமதி த. முத்துலட்சுமி, மேலூர்

தாய்மாமன்மார்கள்:
திரு. சோ. அழகர்சாமி – திருமதி அ. வசந்தா, வாடிப்பட்டி
திரு. சோ. பெரியகருப்பன் – திருமதி பெ. ஜெயா, அலங்காநல்லூர்

அத்தை, மாமா: திருமதி செ. பஞ்சவர்ணம் – திரு. ந. செல்வராஜ், உசிலம்பட்டி

அண்ணன், அண்ணி: ரா. முத்துக்குமார் – மு. சித்ரா
தங்கை: ரா. கயல்விழி
மழலை: மு. இனியன்

மற்றும் உற்றார் உறவினர், நண்பர்கள்

தாய்மாமன் ரெண்டு பேர் வரியும் மத்ததை விட ஒரு பாயிண்ட் பெருசா, போல்டுல. என் கல்யாணத்துக்கு வேற ஒரு பிரஸ்ல அடிச்சப்போ இடம் பத்தலன்னு சின்ன மாமா பேரை எடுத்துட்டாங்க, ப்ரூஃப்ல நானும் கவனிக்கல. சீர்த்தட்டோட வந்த மனுஷன் மண்டபத்து வாசல்லயே நின்னுட்டாரு, உள்ள வரவே இல்ல, அம்மா போய் கையைப் பிடிச்சு கூட்டிட்டு வந்தாங்க. இடம் பத்தலன்னா என் பேரையும் சித்ரா பேரையும் எடுத்துருங்க, மாமா பேர் நிக்கணும்.

வலது கை பக்கம், இங்கிலீஷ்

போன்ல இங்கிலீஷ் கீபோர்டு மக்கர் பண்ணுது, வாசிக்கிற மாதிரியே தமிழ்ல தர்றேன், நீங்க எழுத்து மாத்திக்கோங்க. தங்கச்சி ஆபீஸ்ல பெங்களூர்க்காரங்க நிறைய, அவங்களுக்குத்தான் இந்தப் பக்கம். திதி நட்சத்திரம் இங்க வேணாம்.

மிசஸ் ஆர். பாண்டியம்மாள்
சொலிசிட்ஸ் யுவர் கிரேஷியஸ் பிரசென்ஸ்
வித் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்
ஆன் தி ஆஸ்பிஷியஸ் அக்கேஷன் ஆஃப் தி மேரேஜ் ஆஃப் ஹர் டாட்டர்

தேன்மொழி ஆர்., பி.இ.
(டாட்டர் ஆஃப் லேட் மிஸ்டர் கே. ராமசாமி)

வித்

செந்தில்குமார் வி., எம்.காம்.
(சன் ஆஃப் மிஸ்டர் எம். வேல்முருகன் அண்ட் மிசஸ் வி. லட்சுமி, திருமங்கலம்)

ஆன் சண்டே, 8 பிப்ரவரி 2026, பிட்வீன் 9.00 ஏ.எம். அண்ட் 10.00 ஏ.எம்.
அட் அருள்மிகு சுப்பிரமணிய சுவாமி டெம்பிள், திருப்பரங்குன்றம், மதுரை

வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ் ஃப்ரம் நியர் அண்ட் டியர்

தேன்மொழி ஸ்பெல்லிங்: டி, எச், இ, என், எம், ஓ, இசட், எச், ஐ. ழ-வுக்கு இசட் எச் தான், எல் போட்டா சர்டிபிகேட்டுக்கும் பத்திரிகைக்கும் வேற வேற பேராயிடும், கல்யாணத்தைப் பதியப் போறப்போ பத்திரிகையும் கூட வைக்கணும்ணே.

உள்ள மடங்குற பக்கத்தோட முதுகு, நிகழ்ச்சி

7.2.2026 சனிக்கிழமை
மாலை 6.30 மணி முதல்: வரவேற்பு, தொடர்ந்து இரவு விருந்து

8.2.2026 ஞாயிற்றுக்கிழமை
காலை 7.00 மணி முதல்: சிற்றுண்டி
காலை 9.00 – 10.00: முகூர்த்தம், திருக்கோவிலில்
காலை 11.00 மணி முதல்: மதிய விருந்து

வரவேற்பும் விருந்தும்: வேலன் திருமண மஹால், சன்னதி தெரு, திருப்பரங்குன்றம்

பின் பக்கம்

பேருந்தில் வருவோர் பெரியார் நிலையத்தில் திருப்பரங்குன்றம் பேருந்து ஏறவும். ரயிலில் வருவோர் மதுரை சந்திப்பில் இறங்கவும். முகூர்த்த நாள் என்பதால் கோவிலில் கூட்டம் இருக்கும், 8.30 மணிக்கே மஹாலுக்கு வந்துவிட வேண்டுகிறோம்.

முருகன் தெய்வானையைக் கைப்பிடிச்ச ஊர்ங்கறதால ஒரு சின்ன வேல் படம் மட்டும் அடியில வைங்க, வேற டிசைன் வேணாம்.

இது யூனிகோட்ல இருக்கு, உங்க பழைய ஃபான்ட்டுக்கு மாத்தும்போது ஸ்ரீ, ஷ, ஸ் இதெல்லாம் உடையும், அதை மட்டும் ஒருதடவை பார்த்துருங்க. ப்ரூஃபை மொபைல்ல அனுப்பாதீங்கண்ணே, ஒரு தாள்ல எடுத்து மடிச்சே வைங்க, வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன், அவங்க கண்ணாடி போட்டு ஒவ்வொரு பேரா விரல் வச்சு வாசிச்ச பிறகு மிஷின்ல ஏத்துங்க.